சந்தா லாபமாகாது: சிறு முதலீட்டுக் குழுவின் மாத அறிக்கை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆற்றங்கரையோரம் பியர்ட்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1983-ல் அந்த ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு முதலீட்டுக் குழு தொடங்கினார்கள். பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டியவர்கள். ஆரம்பத்தில் ஆளுக்கு 100 டாலர் போட்டார்கள். பிறகு மாதம் 25 டாலர் சந்தா. மாதம் ஒருமுறை கூடிப் பேசி, எந்தப் பங்கை வாங்கலாம் என்று முடிவு செய்தார்கள். 1984 முதல் 1993 வரையிலான பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 23.4 சதவிகிதம் லாபம் ஈட்டியதாக அவர்கள் சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. தொலைக்காட்சியில் தோன்றினார்கள். சமையல் குறிப்புகளும் முதலீட்டுக் குறிப்புகளும் கலந்து அவர்கள் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

1998-ல் சிகாகோ நகரின் மாத இதழ் ஒன்று அந்தப் புத்தகத்தில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு குறிப்பைக் கவனித்தது. அந்த லாபக் கணக்கில் உறுப்பினர்கள் கட்டிய சந்தாவும் சேர்ந்திருக்கிறது என்று அதில் இருந்தது. கேள்வி எழுந்ததும் குழுவே பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற தணிக்கை நிறுவனத்திடம் கணக்கைக் கொடுத்தது. அவர்கள் கண்டுபிடித்த உண்மையான சராசரி 9.1 சதவிகிதம். அதே காலத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஆண்டுக்கு 14.9 சதவிகிதம் ஏறியிருந்தது. கணினியில் விவரங்களை ஏற்றியபோது நடந்த தவறு என்று குழு விளக்கம் சொன்னது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பங்கு தேர்வில் அத்தனை அக்கறை காட்டியவர்கள் பல ஆண்டுகள் தங்கள் சொந்த விளைச்சல் எவ்வளவு என்றே தெரியாமல் இருந்தார்கள் என்பதுதான் இதில் வருத்தமான விஷயம்.

நம் ஊரிலும் அலுவலக நண்பர்கள், குடியிருப்புவாசிகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டுப் பங்கு வாங்கும் பழக்கம் பரவுகிறது. சீட்டுப் பிடித்துப் பழகிய கைகளுக்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் சீட்டில் கட்டிய தொகையும் எடுக்க வேண்டிய தொகையும் எப்போதும் கண்முன்னே தெளிவாக இருக்கும். பங்கில் போட்ட பணத்தின் மதிப்போ தினமும் மாறுகிறது, நடுவே புதுப் பணமும் வந்து கலக்கிறது. அதனால்தான் மாத அறிக்கை தேவைப்படுகிறது. அந்த அறிக்கையை எப்படித் தயாரிப்பது என்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு பார்ப்போம்.

பத்துப் பேர் கொண்ட ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். மாதச் சந்தா ஆளுக்கு 2,000 ரூபாய், ஆக மொத்தம் 20,000. மார்ச் மாதக் கடைசியில் பங்குகளும் வங்கி இருப்பும் சேர்த்துக் குழுவின் சொத்து 5,00,000 ரூபாய். ஏப்ரல் முதல் தேதி சந்தா வந்து சேர்கிறது. ஏப்ரல் கடைசியில் சொத்து மதிப்பு 5,14,800 ரூபாய். பொருளாளர் கூட்டத்தில் எழுந்து, "போன மாசம் அஞ்சு லட்சம், இந்த மாசம் அஞ்சே கால் லட்சத்தை நெருங்கிட்டோம், கிட்டத்தட்ட மூணு பர்சென்ட் ஏறியிருக்கு" என்று சொன்னால் எல்லாரும் மகிழ்ச்சியாகத் தேநீர் குடித்துவிட்டுக் கலைவார்கள். உண்மையில் அந்த மாதம் குழு நஷ்டப்பட்டிருக்கிறது. ஐந்து லட்சத்தோடு இருபதாயிரம் சேர்ந்து 5,20,000 ஆன பணம், மாதக் கடைசியில் 5,14,800 ஆகக் குறைந்துவிட்டது. 5,200 ரூபாய் இழப்பு, அதாவது ஒரு சதவிகிதம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க மியூச்சுவல் ஃபண்டுகள் கையாளும் அதே வழியைக் குழுவும் கையாளலாம். பணத்தை ரூபாயாகப் பார்க்காமல் யூனிட்டாகப் பார்ப்பதுதான் அது. நம் மாதிரிக் குழுவில் மார்ச் கடைசியில் 40,000 யூனிட்கள் இருந்தன என்று கொள்வோம். ஐந்து லட்சத்தை 40,000-ஆல் வகுத்தால் ஒரு யூனிட் 12.50 ரூபாய். ஏப்ரல் முதல் தேதி வந்த 20,000 ரூபாய்க்கு அந்த விலையில் 1,600 புது யூனிட்கள், ஆளுக்கு 160 வீதம், வழங்கப்படுகின்றன. இப்போது மொத்தம் 41,600 யூனிட்கள். சொத்தும் யூனிட்டும் ஒரே விகிதத்தில் கூடியதால் யூனிட் மதிப்பு அதே 12.50-ல்தான் நிற்கிறது. மாதக் கடைசியில் 5,14,800-ஐ 41,600-ஆல் வகுத்தால் 12.375 ரூபாய். 12.50-லிருந்து 12.375 என்பது சரியாக ஒரு சதவிகித இறக்கம். சந்தா எவ்வளவு வந்தாலும், யார் எப்போது விலகினாலும் இந்த எண் ஏமாறாது. மாத அறிக்கையின் முதல் வரியாக இதை எழுதினால் போதும்.

உங்கள் குழுவில் இப்போது நடக்கும் கணக்குச் சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. குழு ஒரு பங்குகூட வாங்காமல், சந்தாப் பணம் முழுவதையும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருந்தது என்று கற்பனை செய்யுங்கள். முதல் ஆண்டு முடிவில் 2,40,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு முடிவில் 4,80,000. அந்த எண்களை உங்கள் கணக்கு முறையில் போட்டுப் பாருங்கள். விடை பூஜ்யம் என்று வந்தால் முறை சரி. நூறு சதவிகிதம் வளர்ச்சி என்று வந்தால், பியர்ட்ஸ்டவுன் பெண்கள் விழுந்த அதே குழியில்தான் நிற்கிறீர்கள். குழு இளமையாக இருக்கும்போது இந்தப் பிழை மிகப் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அப்போது சொத்தில் பெரும்பங்கு புதுச் சந்தாதான். ஆண்டுகள் போகப் போகச் சொத்து பெருத்து, சந்தா சிறுத்து, பிழை கண்ணுக்குப் படாமல் ஒளிந்துகொள்ளும்.

யூனிட் முறையிலும் ஒரு சிக்கல் நேர்வதுண்டு. ஒருவர் சந்தாவைத் தேதியில் கட்டாமல் இருபதாம் தேதி கட்டுகிறார். பாவம், கொஞ்சம் தாமதம்தானே என்று அவருக்கும் முதல் தேதி விலையிலேயே யூனிட் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குள் சந்தை ஐந்து சதவிகிதம் ஏறியிருந்தால், ஏறிய பிறகு வந்தவருக்குப் பழைய விலையில் யூனிட் கிடைக்கிறது. அந்த லாபம் மற்ற ஒன்பது பேரின் பையிலிருந்துதான் போகிறது. பணம் வந்த நாளின் விலையில்தான் யூனிட் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும். விலகுபவருக்கும் இதே விதிதான்.

எக்செல் தெரிந்த உறுப்பினர் யாராவது, இதற்கெல்லாம் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். போட்டால் போதுமே என்பார். தேதிகளை ஒரு வரிசையிலும், கட்டிய தொகைகளைக் கழித்தல் குறியோடும் கடைசிச் சொத்து மதிப்பைக் கூட்டல் எண்ணாகவும் இன்னொரு வரிசையிலும் வைத்து

```
=XIRR(B2:B26, A2:A26)
```

என்று போட்டால் ஆண்டு வட்டி விகிதம் போல ஒரு எண் வரும். அது தவறில்லை. உறுப்பினர் கையிலிருந்து போன பணம் என்ன விளைச்சல் தந்தது என்பதற்கு அதுவே நல்ல பதில். ஆனால் அது பணம் எப்போது வந்தது என்பதையும் சேர்த்து அளக்கும். குழு பங்குகளை நன்றாகத் தேர்ந்தெடுத்ததா என்று அறிய யூனிட் மதிப்பைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஓராண்டு நிறையாத குழுவுக்கு எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். போடவே கூடாது. அது எதையும் ஆண்டுக் கணக்காக நீட்டிச் சொல்லும். ஒரு மாதத்தில் ஒரு சதவிகிதம் இறங்கிய பணத்தை அது சுமார் 11 சதவிகித நஷ்டம் என்று காட்டும். புது உறுப்பினர் பயந்து ஓட அது போதும்.

அடுத்தது வரைபடங்கள். பல குழுக்கள் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு சார்ட்களைத் திரையில் ஓட்டிவிட்டு, எதையும் முடிவு செய்யாமல் எழுந்துவிடுகின்றன. என் பார்வையில் மாத அறிக்கைக்கு இரண்டு வகை வரைபடம் போதும்.

முதலாவது, குழுவின் யூனிட் மதிப்பும் சந்தைக் குறியீடும் ஒரே படத்தில். குழு தொடங்கிய நாளில் இரண்டையும் 100 என்று வைத்து, அங்கிருந்து வரைய வேண்டும். இங்கே எந்தக் குறியீட்டை எடுக்கிறோம் என்பது முக்கியம். செய்தியில் தினமும் வரும் நிஃப்டி 50 என்பது விலையை மட்டும் அளக்கிறது. நிறுவனங்கள் தரும் டிவிடெண்ட் அதில் இல்லை. குழுவின் வங்கிக் கணக்கிலோ டிவிடெண்ட் வந்து சேர்ந்து யூனிட் மதிப்பை உயர்த்துகிறது. ஆகவே டிவிடெண்டையும் மறுமுதலீடு செய்ததாகக் கணக்கிடும் நிஃப்டி 50 டி.ஆர்.ஐ. என்ற குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். மியூச்சுவல் ஃபண்டுகள் இப்படித்தான் ஒப்பிட வேண்டும் என்று 2018 பிப்ரவரி முதல் செபி விதி இருக்கிறது. இரண்டு குறியீடுகளுக்கும் ஆண்டுக்கு ஒரு சதவிகிதத்தை ஒட்டித்தான் வித்தியாசம் வரும். ஆனால் பத்தாண்டுகளில் அது பத்து சதவிகிதத்துக்கு மேல் சேர்ந்துவிடும். சந்தையை வென்றுவிட்டோம் என்று நினைக்கும் குழுக்கள் சில, இந்த வித்தியாசத்தைச் சேர்த்ததும் பின்தங்கிவிடும்.

இரண்டாவது, குழுவிடம் உள்ள ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வரைபடம். இதில் அமெரிக்க முதலீட்டுக் குழுக்களின் பழைய மரபு ஒன்று இன்றும் பயன்படக்கூடியது. அந்தக் குழுக்களுக்காக 1951-ல் டெட்ராய்டில் ஒரு தேசியச் சங்கம் உருவானது. அதன் முன்னோடிகளில் ஒருவரான ஜார்ஜ் நிக்கல்சன் வகுத்த படிவத்தில், பங்கு விலையை மட்டும் வரைவதில்லை. நிறுவனத்தின் விற்பனை, ஒரு பங்குக்கான லாபம், பங்கின் விலை ஆகிய மூன்றையும் பல ஆண்டுகளுக்கு ஒரே தாளில், மடக்கை அளவுகோலில் வரைவார்கள்.

இந்த அளவுகோலுக்குக் காரணம் உண்டு. சாதாரண அளவுகோலில் 100 ரூபாய் 200 ஆவது சிறிய ஏற்றமாகவும், 1,000 ரூபாய் 1,150 ஆவது பெரிய ஏற்றமாகவும் தெரியும். முன்னது இரட்டிப்பு, பின்னது வெறும் பதினைந்து சதவிகிதம். மடக்கை அளவுகோலில் ஒரே சதவிகித ஏற்றம் எங்கே நடந்தாலும் ஒரே உயரமாகத் தெரியும். சீராக வளரும் நிறுவனத்தின் கோடு நேராக ஏறும். விற்பனைக் கோடும் லாபக் கோடும் அடுத்தடுத்து, இணையாக, நேராக மேலே போனால் அது ஆரோக்கியம். விற்பனை படுத்துக்கிடக்க, லாபம் மட்டும் ஏறினால் செலவைக் குறைத்தோ வேறு வகையிலோ லாபம் வருகிறது என்று பொருள், அது எவ்வளவு காலம் ஓடும் என்று கேட்க வேண்டும். இரண்டும் படுத்துவிட்ட பிறகும் விலை மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் நேரம் ஒதுக்கிப் பேச வேண்டிய பங்கு அதுதான். பெரும்பாலான சார்ட் இணையதளங்களில் அளவுகோலை மாற்றும் வசதி ஒரு சொடுக்கில் கிடைக்கிறது.

வரைபடம் பார்க்கும்போது அடிக்கடி நேரும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் இறுதியில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு வழங்கியது. வெள்ளிக்கிழமை 2,650 ரூபாயை ஒட்டி முடிந்த பங்கு, திங்கட்கிழமை 1,330 அருகே வந்தது. வைத்திருப்பவருக்குப் பங்கு எண்ணிக்கை இரட்டித்ததால் நஷ்டமே இல்லை. ஆனால் போனஸ் பங்குகள் டிமேட் கணக்கில் வந்து சேரச் சில நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் மாதக் கடைசி வந்து, பொருளாளரின் எக்செல் தாளில் பழைய எண்ணிக்கையும் புது விலையும் இருந்துவிட்டால், குழுவின் சொத்து ஒரே நாளில் கரைந்ததுபோலத் தெரியும். ஒரு பங்கு ஒரே நாளில் ஏறக்குறைய சரிபாதியாகவோ ஐந்தில் ஒன்றாகவோ இறங்கியிருந்தால், பதறும் முன்பு போனஸ், பங்குப் பிரிப்பு அறிவிப்பு ஏதாவது உண்டா என்று பங்குச் சந்தையின் இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும். பழைய விலைகளையும் அதற்கேற்பத் திருத்திய வரைபடத்தையே அறிக்கையில் வைக்க வேண்டும்.

மூன்றாவது பகுதி, கற்றது என்ன. பெரும்பாலான அறிக்கைகளில் மிக பலவீனமான பகுதி இதுதான். "சந்தை ஏற்ற இறக்கமாக உள்ளது, கவனமாக இருக்க வேண்டும்" என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியாது. நம் மாதிரிக் குழுவின் ஏப்ரல் மாதத்தையே பிரித்துப் பார்ப்போம். சந்தா சேர்ந்த 5,20,000 ரூபாயில் வங்கிப் பங்கு 1,50,000, நுகர்பொருள் நிறுவனப் பங்கு 1,20,000, இருசக்கர வாகனப் பங்கு 1,00,000, மருந்து நிறுவனப் பங்கு 90,000, ரொக்கம் 60,000. மாதக் கடைசியில் வங்கிப் பங்கு 3,000 ரூபாயும் வாகனப் பங்கு 2,000 ரூபாயும் ஏறின, ரொக்கத்துக்கு 300 ரூபாய் வட்டி வந்தது. மருந்துப் பங்கு 900 ரூபாய் இறங்கியது. நுகர்பொருள் பங்கு எட்டு சதவிகிதம், அதாவது 9,600 ரூபாய் இறங்கியது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் முன்பு பார்த்த அதே 5,200 ரூபாய் இழப்பு வரும். இப்படிப் பொருந்தி வராவிட்டால் எங்கோ ஒரு பரிவர்த்தனை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

நுகர்பொருள் பங்கை விட்டுவிட்டுப் பார்த்தால் மீதி நான்கு லட்சம் 4,400 ரூபாய் ஏறியிருக்கிறது, ஒரு சதவிகிதத்துக்கு மேல் லாபம். அப்படியானால் அந்த மாத முடிவை ஒரே பங்கு தீர்மானித்திருக்கிறது. அது மொத்தச் சொத்தில் 23 சதவிகிதம். ஒரு பங்கு ஒரு மாதத்தில் எட்டு சதவிகிதம் இறங்குவது அதிசயமில்லை. அது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காக வளர யார், எப்போது முடிவு செய்தார்கள் என்பதே கேள்வி. பெரும்பாலும் யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த பிராண்ட் என்பதால் சந்தேகம் வந்த மாதமெல்லாம் அதையே இன்னும் கொஞ்சம் வாங்கியிருப்பார்கள்.

இதில் ஆராய்ச்சியும் உண்டு. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற இரு பேராசிரியர்கள் 1991 முதல் 1997 வரை 166 அமெரிக்க முதலீட்டுக் குழுக்களின் கணக்குகளை ஆராய்ந்தார்கள். அறுபது சதவிகிதக் குழுக்கள் சந்தைக் குறியீட்டை எட்டவில்லை. தனியாக முதலீடு செய்தவர்களைவிடவும் சராசரிக் குழு பின்தங்கியிருந்தது. பிறகு வந்த இன்னொரு ஆய்வில், மற்றவர்களிடம் சொல்வதற்கு நல்ல காரணம் உள்ள பங்குகளைக் குழுக்கள் தனிநபர்களைவிட அதிகம் விரும்புவதைக் கண்டார்கள். மதிப்பு மிக்க நிறுவனம் என்று பெயரெடுத்த பங்கை மேசையில் வைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அப்படி வாங்கிய பங்குகள் அதற்காகக் கூடுதல் லாபம் தந்துவிடவில்லை.

அதனால் வாங்கும் அன்றே காரணத்தை எண்ணோடு எழுதி வைக்க வேண்டும். "நல்ல நிறுவனம்" என்று எழுதாமல், "மூன்று ஆண்டாக விற்பனை ஆண்டுக்கு 12 சதவிகிதம் வளர்கிறது, இது தொடரும் என்று நம்பி வாங்குகிறோம்" என்று எழுதினால், பின்னர் வரும் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் அந்த வரியைச் சரிபார்க்கலாம். வளர்ச்சி நான்கு சதவிகிதமாகக் குறைந்துவிட்டால், விலை ஏறியிருந்தாலும் காரணம் பொய்த்துவிட்டது. வளர்ச்சி தொடர்ந்தும் விலை இறங்கியிருந்தால் காரணம் இன்னும் நிற்கிறது. மாத அறிக்கையில் கற்றது என்ற தலைப்பின் கீழ் வர வேண்டியது இந்தத் தீர்ப்பு மட்டும்தான். ஒரு மாதம் குறியீட்டைவிட அரை சதவிகிதம் கூடவோ குறையவோ வந்ததிலிருந்து எந்தப் பாடமும் எடுக்க முடியாது.

கடைசிப் பகுதி, அடுத்து செய்ய வேண்டியவை. ஏப்ரல் முடிவில் நுகர்பொருள் பங்கின் மதிப்பு 1,10,400 ரூபாய், சொத்தில் 21 சதவிகிதத்துக்குச் சற்று மேல். எந்த ஒரு பங்கும் 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று குழு முடிவு செய்கிறது. உடனே விற்றால் தரகும் வரியும் உண்டு. விற்காமல் இருந்தால் எத்தனை மாதமாகும்? 1,10,400 ரூபாய் இருபது சதவிகிதமாக இருக்க மொத்தச் சொத்து 5,52,000 ஆக வேண்டும். இன்னும் 37,200 ரூபாய் தேவை. விலைகள் இப்படியே இருந்தால் இரண்டு மாதச் சந்தா போதும். எனவே தீர்மானம் இப்படி அமையும்: மே, ஜூன் சந்தா நுகர்பொருள் பங்குக்குப் போகாது. அதன் காலாண்டு முடிவு வந்ததும் விற்பனை வளர்ச்சியைக் குறித்துக்கொண்டு வருவது இன்னாரின் பொறுப்பு. வாங்கியபோது எழுதிய காரணம் பொய்த்திருந்தால் ஜூன் கூட்டத்தில் விற்பது பற்றி வாக்கெடுப்பு. ஆள், தேதி, எண் மூன்றும் இல்லாத வரியை அடுத்த மாதம் யாராலும் சரிபார்க்க முடியாது.

குழுவின் பங்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் அறிக்கையின் அடியில் எழுதுவது நல்லது. ஒருவர் டிமேட் கணக்கில் எல்லாரின் பணத்தையும் போட்டால், ஏட்டின்படி அது அவர் சொத்து. வரியும் அவர் தலையில் விழும், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசுகளிடம் மற்றவர்கள் போய் நிற்க வேண்டும். வெளியாரிடம் பணம் வாங்கி நிர்வகிக்கத் தொடங்கினாலோ செபி பதிவு இல்லாமல் செய்யவே கூடாது. கணக்குத் தணிக்கையாளர் ஒருவரைக் கலந்து எழுத்தில் ஒப்பந்தம் போடலாம். இல்லையேல் அவரவர் டிமேட்டில் அவரவர் வாங்கி, ஆய்வையும் அறிக்கையையும் மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பின்னதே பிடிக்கும். அப்போதும் யூனிட் கணக்கை ஒரு மாதிரித் தொகுப்புக்குப் போட்டு வரலாம்.

இன்னொரு தீர்மானத்தையும் குழு தொடங்கும் காலத்திலேயே எழுதிவிடலாம். மூன்று ஆண்டு முடிவில் யூனிட் மதிப்பு நிஃப்டி 50 டி.ஆர்.ஐ.யை விடப் பின்தங்கியிருந்தால், அன்றிலிருந்து பாதிச் சந்தா இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகும். ஐந்தாம் ஆண்டிலும் அதே நிலை என்றால் முழுச் சந்தாவும் போகும்.